முதல் குறும்படம்: டைட்டிலில் யாரைப் போடுவது, கடைசியில் யார் பெயர் முதலில்?

குடியாத்தத்துக்காரன் | 4 ஜூன், இரவு 10:12

என் முதல் குறும்படத்தை எடிட் செய்து முடித்துவிட்டேன். பெயர் ‘கட்டு’. பீடி சுற்றும் ஒரு அம்மா, பத்தாவது படிக்கும் மகள், மண்டிக்காரர். மொத்தம் 13 நிமிடம். பெரியம்மா வீட்டுத் திண்ணையிலும் பஜார் பக்கத்திலும் எடுத்தது.

இப்போது சிக்கல் டைட்டிலில்தான். ஆரம்பத்தில் 1 நிமிடம் 25 வினாடி பெயர்களே ஓடுகின்றன. முதலில் நன்றி, பிறகு நடிகர்கள், அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி கார்டு. எழுத்து, படத்தொகுப்பு, இயக்கம் மூன்றும் நானே, அதனால் என் பெயர் மூன்று முறை வருகிறது. ஒளிப்பதிவு செய்த நண்பனும் இசை போட்ட நண்பனும் யார் பெயர் பின்னால் வரவேண்டும் என்று பேசிப் பேசி, இப்போது இரண்டு பேரும் எனக்கு போன் செய்வதில்லை.

கேள்வி இரண்டு. ஆரம்பத்தில் யார் யாரைப் போடுவது? கடைசியில் போடுவதென்றால் வரிசை என்ன?

ஆம்பூர் ஸ்டூடியோ | 4 ஜூன், இரவு 11:05

தம்பி, குழப்பமே வேண்டாம். இயக்குநர் பெயர் எப்பவும் கடைசியில்தான். தியேட்டரில் பார்க்கிற எல்லாப் படத்திலும் அப்படித்தானே வருது? முதலில் நன்றி, பிறகு நடிகர்கள், பிறகு டெக்னீஷியன், தயாரிப்பாளர், கடைசியில் இயக்கம். நான் இருபது வருஷமா கல்யாண வீடியோ எடிட் பண்றேன். அதிலும் தாத்தா பாட்டியில் ஆரம்பித்து மாப்பிள்ளை பொண்ணில் முடிப்போம். படம் முடிந்த பிறகு போட்டாலும் அதே வரிசைதான், இயக்குநர் கடைசி.

சத்துவாச்சாரி எடிட்டர் | 5 ஜூன், காலை 6:50

ஆம்பூர் நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி சரியில்லை.

வரிசைக்குப் பின்னால் ஒரே ஒரு கணக்குதான் இருக்கிறது. யார் பெயர் படத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறதோ அதுதான் பெரிய இடம். ஆரம்பத்தில் டைட்டில் போட்டால், கடைசிப் பெயர் மறைந்ததும் படம் தொடங்குகிறது. அதனால் இயக்குநர் அங்கே கடைசி. அதே கார்டுகளைப் படம் முடிந்த பிறகு போட்டால், கடைசிக் காட்சி இருண்டதும் வரும் முதல் கார்டுதான் படத்துக்குப் பக்கம். ஆகவே அங்கே இயக்குநர் முதலில். வரிசை அப்படியே தலைகீழாகத் திரும்பும். கடைசியிலும் இயக்குநரைக் கடைசியில் போட்டால், நன்றி பட்டியலுக்கும் இசை உரிமத்துக்கும் கீழே, எல்லோரும் எழுந்து போன பிறகு வரும்.

அடுத்தது நீளம். 13 நிமிடப் படத்தில் 85 வினாடி என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் மேலே. விழாக்களுக்கு அனுப்பும்போது டைட்டிலும் சேர்த்துத்தான் படத்தின் நீளம். ஆஸ்கர் விதியில்கூட குறும்படம் என்பது பெயர்கள் உட்பட 40 நிமிடத்துக்குள். உங்களுக்கு நாற்பது பிரச்சினை இல்லை, ஆனால் 10, 12, 15 நிமிடம் என்று எல்லை வைக்கும் போட்டிகள் நிறைய. நிறுவனம் இல்லை, பெரிய நடிகர் இல்லை என்னும்போது ஆரம்பத்தில் படத்தின் பெயர் மட்டும் போதும். வேண்டுமானால் இரண்டு நடிகைகளின் பெயரும் உங்கள் பெயரும். மற்ற எல்லாமே கடைசிக்குப் போகட்டும்.

எழுத்து, படத்தொகுப்பு, இயக்கம் மூன்றையும் ஒரே கார்டில் அடுக்கி, கீழே பெயரை ஒருமுறை போடுங்கள். மூன்று கார்டில் ஒரே பெயர் வந்தால் பார்ப்பவர் அதைத்தான் எண்ணிக்கொண்டு இருப்பார்.

குடியாத்தத்துக்காரன் | 5 ஜூன், காலை 9:30

ரொம்ப நன்றி அண்ணா. தலைகீழ் விஷயம் இப்போதுதான் புரிகிறது. ஒளிப்பதிவா இசையா என்ற பஞ்சாயத்துக்கும் ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி எடிட்டர் | 5 ஜூன், மதியம் 1:15

அதில் இரண்டு பேரும் சொல்வது சரி, அதுதான் தொல்லை. ஹாலிவுட் வழக்கத்தில் ஆரம்ப டைட்டிலில் இசை முன்னாடியே வந்துவிடும். பிறகு உடை, படத்தொகுப்பு, கலை, ஒளிப்பதிவு, தயாரிப்பு, எழுத்து, இயக்கம். அங்கே ஒளிப்பதிவாளர் இயக்குநருக்குப் பக்கம். நம் ஊர்ப் படங்களில் பெரும்பாலும் கலை, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, இசை, தயாரிப்பு, இயக்கம் என்று வரும். இங்கே இசையமைப்பாளருக்கு இருக்கும் இடம் அப்படி. இரண்டுமே வழக்கம்தான், யாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை.

‘கட்டு’வில் இசை எவ்வளவு நேரம் வருகிறது?

குடியாத்தத்துக்காரன் | 5 ஜூன், மதியம் 1:40

நண்பன் வாசித்தது இரண்டு நிமிடம் இருக்கும். மற்ற இடமெல்லாம் கத்தரிச் சத்தம், தெருச் சத்தம்தான். ஒரு இடத்தில் மட்டும் நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒரு டிராக்.

சத்துவாச்சாரி எடிட்டர் | 5 ஜூன், மதியம் 2:05

அப்போது நானாக இருந்தால் ஒளிப்பதிவைப் பக்கத்தில் வைப்பேன். கடைசியில் போடும்போது இயக்கம், தயாரிப்பு, ஒளிப்பதிவு, இசை, ஒலி, கலை. அந்த இலவச டிராக் பற்றித் தனியாகப் பேசணும், மறக்காதீர்கள்.

ஆம்பூர் ஸ்டூடியோ | 5 ஜூன், மாலை 4:20

தலைகீழ் சமாச்சாரம் சரிதான், ரெண்டு படம் போட்டுப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கு. ஆனால் இசையைக் கீழே இறக்குவதை நான் ஒத்துக்க மாட்டேன். இரண்டு நிமிடம் வாசித்தாலும் தமிழ்ப் படத்தில் இசை இசைதான். நாளைக்கு அந்தப் பையன் வீட்டில் படத்தைப் பார்ப்பாங்க இல்லையா?

வாலாஜா டீச்சர் | 5 ஜூன், இரவு 8:10

டைட்டில் என்றதும் ஒரு சந்தேகம். எங்கள் பள்ளி மாணவர்களும் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். ‘கட்டு’ மாதிரி ஒரு பெயர் வைத்தால் சென்னை போய்ச் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டுமா? வேறு யாராவது அதே பெயரை வைத்தால் என்ன செய்வது?

சத்துவாச்சாரி எடிட்டர் | 5 ஜூன், இரவு 9:00

டீச்சர், நாங்கள் பேசுவது திரையில் பெயர் போடும் பகுதியைப் பற்றி. நீங்கள் கேட்பது பெயர்ப் பதிவு. அது சினிமா சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு. பள்ளிக் குறும்படத்துக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமே 2015-ல் சொல்லியிருக்கிறது.

பாகாயம் ஒலி | 6 ஜூன், காலை 7:25

வரிசையைவிட முக்கியமான ஒன்றை யாரும் பேசவில்லை. பெயருக்கு மேலே என்ன வேலை எழுதுகிறீர்கள் என்பது.

நான் லைவ் சவுண்ட் எடுப்பவள். ஒரு குறும்படத்துக்கு முழுப் படப்பிடிப்பும் பூம் பிடித்து, ரெக்கார்டரும் நானே பார்த்தேன். திரையிடலில் பார்த்தால் ‘ஒலி’ என்று மிக்ஸிங் செய்தவர் பெயர். என் பெயர் நாலு கார்டு தள்ளி ‘உதவி’ என்ற தலைப்பின் கீழே, இனிஷியலும் தப்பு. கேட்டபோது, விழாவுக்கு அனுப்பியாச்சு, இனி மாற்ற முடியாது என்றார்கள். அந்தப் படத்தைக் காட்டி நான் வேறு வேலை கேட்க முடியவில்லை. முதல் படத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்த ஒரு வரிதான் கூலி.

அதனால் தம்பி, ஒலிக்கு ஒரே வார்த்தை போட்டு முடிக்காதீர்கள். படப்பிடிப்பில் எடுத்தவருக்கு ‘நேரடி ஒலிப்பதிவு’. சத்தங்களைத் தேடிச் சேர்த்து அடுக்கியவருக்கு ‘ஒலி வடிவமைப்பு’. கடைசியில் அளவு பார்த்துக் கலந்தவருக்கு ‘ஒலிக்கலவை’. ஒருவரே செய்திருந்தால் ஒரே கார்டில் மூன்றும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: ‘உன் பெயர் இப்படித்தான் வரும், வேலை இப்படித்தான் வரும், சரியா?’ பதில் வந்த பிறகு அதையே காப்பி செய்து ஒட்டுங்கள், திரும்ப டைப் அடிக்காதீர்கள். ‘எஸ்.’ என்று போடுவதா ‘ச.’ என்று போடுவதா என்பது அவரவர் விருப்பம், நீங்கள் முடிவு செய்வது அல்ல.

குடியாத்தத்துக்காரன் | 6 ஜூன், இரவு 9:45

அக்கா, இன்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். நல்லவேளை கேட்டேன். கலை செய்த பெண் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா இனிஷியலே வேண்டும் என்றாள். மண்டிக்காரராக நடித்தவர் அவருடைய நாடகப் பெயர்தான் வரவேண்டும் என்கிறார்.

இன்னொரு கேள்வி. பணம் கொடுத்தது மாமா. ‘தயாரிப்பு’ என்று அவர் பெயரைப் போட்டால் போதுமா?

சத்துவாச்சாரி எடிட்டர் | 6 ஜூன், இரவு 10:30

கார்டில் போடுவதில் தவறில்லை. ஆனால் கடைசியில் வரும் © வரியில் யார் பெயர் என்பதை யோசித்துச் செய்யுங்கள். நம் காப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்கு ஆசிரியர் என்றால் இயக்குநர் இல்லை, தயாரிப்பாளர். தயாரிப்பாளர் என்றால் படம் உருவாக முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர். பணம் மட்டும் தந்து ஒதுங்கியவர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது வாதத்துக்குரியது. மாமாவிடம் பேசி ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் எதற்கு என்று நினைக்காதீர்கள்.

குடியாத்தத்துக்காரன் | 7 ஜூன், காலை 8:20

மாமா சிரித்தார், கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

இப்போது ஆரம்பத்துக்கு வருகிறேன். அண்ணா சொன்னபடி பெயர்களை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கருப்பில் ‘கட்டு’ என்று மட்டும் வந்தால் வெறுமையாக இருக்கிறது. எடுத்து வைத்திருக்கும் குளோஸப்கள் ஐந்து. ஈரத் துணியில் சுற்றிய பீடி இலைக் கட்டைப் பிரிப்பது. தகட்டை வைத்துக் கத்தரியால் இலை வெட்டுவது. முறத்தில் தூள், அதற்குள் விரல். இலையைச் சுற்றுவது. நூல் கட்டி இழுப்பது. இவற்றின் மேல் பெயர் போடலாமா? நேரம் முறையே 5, 2, 4, 4, 6 வினாடி.

சத்துவாச்சாரி எடிட்டர் | 7 ஜூன், மதியம் 12:40

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உங்கள் டைட்டில் அங்கேயே தயாராக இருக்கிறது.

ஒரு கார்டு படிக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று பாருங்கள். ஷாட் மாறியதும் கண் முதலில் படத்தைத்தான் பார்க்கும், எழுத்தை இல்லை. அதனால் கட் ஆன உடனே எழுத்தைப் போடாமல் 10 ஃபிரேம் விடுங்கள். பிறகு குறைந்தது 60 ஃபிரேம், அதாவது வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்துக்கு இரண்டரை வினாடி, எழுத்து நிற்கட்டும். அடுத்த ஷாட் வருவதற்கு 6 ஃபிரேம் முன்னால் எழுத்து போய்விடட்டும். எழுத்தும் ஷாட்டும் ஒரே ஃபிரேமில் மாறினால் இடறும். மொத்தம் 76 ஃபிரேம், மூன்று வினாடிக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் கத்தரி ஷாட் இரண்டு வினாடிதான், அங்கே பெயர் போட முடியாது. போடவும் வேண்டாம், கத்தரிச் சத்தம் தனியாகக் கேட்கட்டும்.

ஆக, இலைக் கட்டைப் பிரிக்கும்போது ஒரு நடிகை. தூளில் விரல் போகும்போது இன்னொருவர். சுற்றும்போது உங்கள் பெயர். நூல் இழுபட்டு முடிச்சு இறுகும் ஃபிரேமில் ‘கட்டு’. மங்கி மெதுவாக வரவேண்டாம், முடிச்சோடு ஒரே ஃபிரேமில் வரட்டும். மற்ற கார்டுக்குச் சொன்ன 10 ஃபிரேம் விதி இதற்கு இல்லை, ஏனென்றால் கண் ஏற்கெனவே முடிச்சில் இருக்கிறது. எழுத்தையும் அந்த முடிச்சுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மொத்தம் 21 வினாடியில் முடிந்துவிடும்.

இயக்குநர் பெயருக்குப் பிறகு தலைப்பு வருகிறதே என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். இந்தப் படத்துக்கு முடிச்சில் முடிவதுதான் சரி.

எழுத்து எங்கே வரும் என்பதை முறத்தின் காலி இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கைமேல் எழுத்து ஏறக்கூடாது. ஓரத்தில் ஒட்டவும் கூடாது, நாலு பக்கமும் ஐந்து சதவீதம் விட்டு உள்ளே இருக்கட்டும்.

பாகாயம் ஒலி | 7 ஜூன், மாலை 5:10

கத்தரிச் சத்தத்தை முதல் ஷாட்டுக்கு முன்னாலேயே, கருப்பிலேயே தொடங்கிப் பாருங்கள் தம்பி. இசை வேண்டாம்.

வாலாஜா டீச்சர் | 7 ஜூன், மாலை 6:30

இத்தனை பீடி காட்டினால் எச்சரிக்கை வாசகம் போட வேண்டாமா? தியேட்டரில் யாராவது சிகரெட் எடுத்தாலே கீழே எழுத்து வருகிறதே. எங்கள் மாணவர்கள் படத்திலும் ஒரு தாத்தா பீடி பிடிக்கிறார்.

சத்துவாச்சாரி எடிட்டர் | 7 ஜூன், இரவு 8:50

நல்ல கேள்வி. தியேட்டர் படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் விதி தெளிவு, புகையிலைப் பொருளைக் காட்டும் நேரம் முழுவதும் கீழே வாசகம் வரணும். 2023-ல் ஓடிடிக்கும் கொண்டுவந்தார்கள். தனி ஆள் யூடியூபில் ஏற்றும் குறும்படத்துக்கு எப்படி என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் எடிட் செய்யும் படங்களில் போட்டுவிடுகிறேன். குடியாத்தம் தம்பி, நீங்களும் போடுவதாக இருந்தால் டைட்டில் எழுத்தை இன்னும் மேலே தூக்க வேண்டும். இரண்டும் கீழேயே இருந்தால் இரண்டையும் படிக்க முடியாது.

ஆம்பூர் ஸ்டூடியோ | 7 ஜூன், இரவு 10:15

பீடி சுற்றுவது தொழில், பிடிப்பது இல்லை. அதற்கும் வாசகம் போட்டால் அந்த அம்மாவின் உழைப்புக்கு மேலே எழுத்தை ஒட்டின மாதிரி ஆகிடும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

குடியாத்தத்துக்காரன் | 8 ஜூன், இரவு 7:55

எனக்கும் ஆம்பூர் அண்ணன் சொல்வதுபோலத்தான் தோன்றுகிறது, ஆனால் முடிவு செய்யவில்லை.

இன்று எழுத்தில் மாட்டிக்கொண்டேன். தெரிந்த பிளெக்ஸ் கடையில் ‘கட்டு’வை அழகாக வடிவமைத்து ஃபைலும் மற்ற பெயர்களும் கொடுத்தார்கள். என் கணினியில் திறந்தால் எல்லாப் பெயரும் `jkpo;` மாதிரி ஆங்கில எழுத்தாக இருக்கிறது. நானே டைப் செய்தால் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கிறது.

சத்துவாச்சாரி எடிட்டர் | 8 ஜூன், இரவு 9:20

இரண்டும் வேறு வேறு நோய்.

நீங்கள் பார்த்தது பாமினி எழுத்துரு. அது யூனிகோடு இல்லை. ஆங்கில விசைகளுக்குத் தமிழ் உருவம் கொடுத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்பது `jkpo;` என்றுதான் தெரியும். கடைக்காரரிடம் எழுத்தை உருவமாக மாற்றி, பின்னணி இல்லாத PNG-யாகத் தரச் சொல்லுங்கள். ‘கட்டு’வுக்கு அது போதும். மற்ற பெயர்களை யூனிகோடில் நீங்களே அடியுங்கள், ஏனென்றால் கடைசி நாளில் யாராவது இனிஷியலை மாற்றுவார்.

கொம்பு பிரிவது எடிட்டிங் மென்பொருளின் கோளாறு. பிரீமியர் என்றால் Preferences, அதில் Graphics போய் South Asian and Middle Eastern என்பதைத் தேர்வு செய்து, எழுத்தைப் புதிதாக அடியுங்கள். வேறு மென்பொருளில் சரியாக வரவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் அடித்து PNG-யாக எடுத்துக் கொண்டுவாருங்கள். பிறகு ‘கொ’, ‘சௌ’, ‘ஸ்ரீ’ வரும் பெயர்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், கோளாறு இருந்தால் அங்கேதான் தெரியும்.

எழுத்துருவுக்கு முக்தா மலர், கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம், திறந்த உரிமம். மெல்லிய எடை எடுக்காதீர்கள், யூடியூப் சுருக்கும்போது கோடு உடையும். கருப்பின் மேல் சிவப்பும் வேண்டாம். வீடியோவில் வெளிச்சத்துக்கு இருக்கும் துல்லியத்தில் கால் பங்குதான் நிறத்துக்குச் சேமிக்கப்படுகிறது, அதனால் சிவப்பு எழுத்தின் ஓரம் கசியும். லேசாக மங்கிய வெள்ளை போதும்.

குடியாத்தத்துக்காரன் | 10 ஜூன், இரவு 11:30

தலைப்பு முடிந்தது. முடிச்சு ஃபிரேமில் ‘கட்டு’ வரும்போது நன்றாக இருக்கிறது. கருப்பிலேயே கத்தரிச் சத்தம் தொடங்கியதும் சரியாகப் பொருந்துகிறது அக்கா.

கடைசியில் ஆறு முக்கிய கார்டு, பிறகு மற்ற பெயர்கள் மேலே ஓடுகின்றன. அந்த ஓட்டம்தான் நடுங்குகிறது. டாவின்சி ரிசால்வில் ஒரே நீளப் படமாக, 1920-க்கு 3240 பிக்ஸல், 45 வரி, வரிக்கு 72 பிக்ஸல். கிளிப்பை 50 வினாடிக்கு இழுத்து வைத்தேன். எழுத்து துடிக்கிறது.

ஆம்பூர் ஸ்டூடியோ | 11 ஜூன், காலை 10:00

மோஷன் பிளர் போடு தம்பி, சரியாகிடும். இல்லைன்னா கிராபிக்ஸ் கார்டு பத்தலை.

சத்துவாச்சாரி எடிட்டர் | 11 ஜூன், காலை 11:45

பிளர் போட்டால் நடுக்கம் குறையும், கூடவே படிக்கவும் முடியாமல் போகும். கணினியின் குறையும் இல்லை. எக்ஸ்போர்ட் செய்து பார்த்தாலும் நடுங்கும்.

காரணம் இது. படம் முழுசாக உள்ளே வந்து முழுசாக வெளியே போக, அதன் உயரம் 3240-உம் திரை உயரம் 1080-உம் சேர்ந்து 4320 பிக்ஸல் நகரவேண்டும். 50 வினாடி என்றால் 1200 ஃபிரேம். 4320-ஐ 1200-ஆல் வகுத்தால் 3.6. ஒரு ஃபிரேமுக்கு 3.6 பிக்ஸல் நகரும்போது எழுத்தின் ஓரம் ஒவ்வொரு ஃபிரேமிலும் பிக்ஸலுக்கு நடுவே வெவ்வேறு இடத்தில் விழுகிறது. ஒரு ஃபிரேமில் கூர்மை, அடுத்ததில் மங்கல். அதுதான் துடிப்பு. நம் எழுத்தில் படுக்கைக் கோடு அதிகம், ‘ட’வின் அடிக்கோட்டைப் பாருங்கள், அங்கே நன்றாகத் தெரியும்.

நகர்வு முழு எண்ணாக இருக்கணும். ஃபிரேமுக்கு 3 பிக்ஸல் என்றால் 1440 ஃபிரேம், சரியாக ஒரு நிமிடம். உங்கள் வரி 72 பிக்ஸல் என்பதால் வினாடிக்கு ஒரு வரி ஏறும், படிக்க வசதி. 4 பிக்ஸல் என்றால் 1080 ஃபிரேம், 45 வினாடி, கொஞ்சம் வேகம். உங்கள் படத்துக்கு 45 வினாடியே எடுக்கலாம்.

ரிசால்வில் இரண்டு இடத்தைப் பாருங்கள். Inspector-ல் Scaling என்பது Crop-ல் இருக்கணும். இல்லாவிட்டால் நீளப் படத்தைத் திரைக்குள் அடக்கச் சுருக்கிவிடும், கணக்கெல்லாம் வீண். பிறகு Position Y-க்கு முதல் ஃபிரேமில் -2160, கடைசியில் 2160. இந்தக் ‘கடைசி’ எது என்பதில்தான் பலர் தடுக்குவார்கள். முதல் கீஃபிரேமிலிருந்து சரியாக 1080 ஃபிரேம் தள்ளி இரண்டாவதை வைக்கணும், அப்படியென்றால் கிளிப் 1081 ஃபிரேம். 1080 ஃபிரேம் கிளிப்பின் கடைசி ஃபிரேமில் வைத்தால் நடுவில் 1079 நகர்வுதான், மறுபடி பின்னம் வந்துவிடும். கீஃபிரேம் நேர்கோட்டில் இருக்கட்டும், தொடக்கத்தில் மெதுவாகி வேகமெடுக்கும் வளைவு வேண்டாம்.

24-ல் எடுத்ததை 24-லேயே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 30-க்கு மாற்றினால் ஃபிரேம்கள் இரட்டித்து நடுக்கம் வேறு வழியில் திரும்பும்.

குடியாத்தத்துக்காரன் | 11 ஜூன், இரவு 10:05

கண்ணாடி மாதிரி ஓடுகிறது அண்ணா!!

பாகாயம் ஒலி | 12 ஜூன், காலை 7:40

அந்த இலவச டிராக்கை அண்ணன் மறக்காதீர்கள் என்றாரே, என்ன ஆச்சு?

குடியாத்தத்துக்காரன் | 12 ஜூன், காலை 9:15

இறக்கிய பக்கத்தில் CC BY-ND என்று இருக்கிறது. கடைசியில் இசைத்தவர் பெயரும் நன்றியும் போட்டுவிட்டேன், போதும்தானே?

சத்துவாச்சாரி எடிட்டர் | 12 ஜூன், காலை 11:30

போதாது. ND என்றால் மாற்றிய வடிவத்தைப் பகிரக்கூடாது. நாம் வெட்டவே இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்த உரிமத்திலேயே எழுதியிருக்கிறது, இசையை ஓடும் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்த்தாலே அது மாற்றிய வடிவம். ஆகவே அந்த டிராக்கை எடுத்துவிடுங்கள். வெறும் CC BY இருப்பதைத் தேடி, டிராக்கின் பெயர், இசைத்தவர், எடுத்த இடம், உரிமத்தின் பெயர், வெட்டியிருந்தால் அதையும் சொல்லி நன்றிக்குக் கீழே ஒரு தனி வரி போடுங்கள். நன்றி என்று போட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது. சினிமாப் பாட்டுக்கும் இதே கதைதான்.

குடியாத்தத்துக்காரன் | 13 ஜூன், இரவு 8:30

அந்த டிராக்கை எடுத்துவிட்டேன். அந்த இடத்துக்கும் நண்பனே வாசித்துக் கொடுத்தான், இசை இப்போது மூன்று நிமிடம். ஒளிப்பதிவையும் இசையையும் ஒரே கார்டில் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறேன், இடது பக்கம் ஒளிப்பதிவு. இரண்டு பேரும் போன் எடுத்தார்கள்.

கடைசி வரிசை இப்படி:

எழுத்து, படத்தொகுப்பு, இயக்கம்
தயாரிப்பு
ஒளிப்பதிவு, இசை
நேரடி ஒலிப்பதிவு, ஒலிக்கலவை
கலை
இரண்டு நடிகைகள்

அதன் பிறகு ஓடும் பட்டியல்: தோன்றும் வரிசையில் எல்லா நடிகர்களும், பாத்திரம் இடப்பக்கம், பெயர் வலப்பக்கம். உதவி இயக்கம், உதவி ஒளிப்பதிவு, ஒப்பனை, சாப்பாடு. பிறகு நன்றி, © வரி.

ஒன்று மட்டும் தெரியவில்லை. டைட்டிலில் வரும் ஐந்து குளோஸப்பிலும் இருப்பது நடிகையின் கை இல்லை, பெரியம்மாவின் கை. நடிகைக்கு அந்த வேகம் வரவில்லை. இப்போது பெரியம்மா பெயர் நன்றி பட்டியலில், வீடு தந்தவர் என்று இருக்கிறது.

பாகாயம் ஒலி | 13 ஜூன், இரவு 9:10

நன்றியில் இல்லை. நடிகர் பட்டியலில். ‘பீடி சுற்றும் கைகள்’ என்று இடப்பக்கம், பெரியம்மா பெயர் வலப்பக்கம். தோன்றும் வரிசை என்றால் அவர்தான் முதலில் தோன்றுகிறார்.

ஆம்பூர் ஸ்டூடியோ | 13 ஜூன், இரவு 9:40

அது சரி, ஆனால் நடிகையின் கை இல்லை என்று படம் பார்த்தவனுக்கு நாமே சொன்ன மாதிரி ஆகிடாதா? அந்தப் பொண்ணு வருத்தப்படும்.

சத்துவாச்சாரி எடிட்டர் | 13 ஜூன், இரவு 10:20

படம் முடிந்த பிறகுதானே தெரிகிறது, கெட்டது ஒன்றுமில்லை. நான் பாகாயம் பக்கம். நடிகையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு வரி கூடினால் 46 வரி, படம் 3312 பிக்ஸல் ஆகும். மொத்த நகர்வு 4392, நான்கால் வகுத்தால் 1098 ஃபிரேம். கீஃபிரேமை மாற்றுங்கள், Y இனி -2196, 2196.

குடியாத்தத்துக்காரன் | 14 ஜூன், காலை 7:05

நடிகையிடம் பேசினேன். ‘அவங்க கைதான் முதல்ல வரணும்’ என்றாள். பெரியம்மாவிடம் பெயர் எப்படிப் போடுவது என்று கேட்டால், வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துப் போடு என்கிறார். அப்படியே போடுகிறேன், 1099 ஃபிரேம் கிளிப். பீடி வாசகம் பற்றி இன்னும் யோசிக்கிறேன். அதைப் போட்டாலும் இல்லாவிட்டாலும் டைட்டில் எழுத்தை மேலே தூக்கி வைத்துவிட்டேன்.